கோட்டுக்குக் கீழே

ஒன்றைவிடப் பெரிய எண்ணின் மடக்கைக்கு முன்னால் கழித்தல் குறி வரவே கூடாது. ஆனால் 3-இன் இயல் மடக்கையை இந்தத் தொடரில் போட்டுப் பாருங்கள்:

ln(1+x) = x − x²/2 + x³/3 − x⁴/4 + …

x = 2 என்று வைத்தால் நான்கு உறுப்புகளுக்கு 2 − 2 + 2.67 − 4, அதாவது −1.33. உண்மை விடை 1.0986. இன்னும் ஓர் உறுப்பைச் சேர்த்தால் 5.07-க்குத் தாவும், அதற்கடுத்ததில் −5.6-க்கு விழும். கூட்டக் கூட்டக் கெட்டுப்போகும் கணக்கு இது.

தொடரில் தப்பில்லை. x பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அது அருமையாக வேலை செய்யும். எங்கே வெட்டினாலும் மிஞ்சுவது ஒரு பல்லுறுப்புக்கோவை. அதன் பிறவிக்குணம்தான் சிக்கல். x பெரிதாகும்போது கடைசி அடுக்கு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, கோவையை மேலேயோ கீழேயோ இழுத்துக்கொண்டு ஓடும். மடக்கையோ நிதானமாக ஏறுவது. ஓடுகிறவனை வைத்து நடக்கிறவனைப் படம் வரைய முடியுமா?

இப்போது அதே எண்களைக் கொண்டு வேறொன்று செய்வோம். தொடரின் முதல் இரண்டு உறுப்புகளை, x − x²/2 என்பதை மட்டும், எடுத்துக்கொள்வோம். இதை ax/(1+qx) என்ற பின்னமாக மாற்ற வேண்டும். தொகுதியிலும் பகுதியிலும் ஒவ்வொரு தெரியாத எண். நம் கையில் இருப்பதும் இரண்டு தகவல்கள். பகுதியைக் குறுக்கே பெருக்கினால்:

ax = (x − x²/2)(1 + qx) = x + (q − 1/2)x² + …

இடப்பக்கத்தில் x² இல்லை. ஆகவே வலப்பக்கத்திலும் அது இருக்கக் கூடாது: q = 1/2. x-இன் கெழுவை ஒப்பிட்டால் a = 1. கிடைக்கும் பின்னம் 2x/(2+x). இதில் x = 2 போட்டால் விடை 1. இரண்டே உறுப்புகள் கொண்ட பல்லுறுப்புக்கோவை அங்கே பூச்சியத்தைத்தான் தருகிறது.

இதே முறையில் நான்கு உறுப்புகளையும் பயன்படுத்தினால், தொகுதி, பகுதி இரண்டும் இருபடியாக அமையும்:

x(6 + 3x) / (6 + 6x + x²)

x = 2-க்கு இது 24/22, அதாவது 1.0909. கழித்தல் குறியோடு 1.33 சொன்ன அதே நான்கு கெழுக்களிலிருந்து வந்த விடை இது. புதிதாக ஒரு தகவலும் உள்ளே போகவில்லை. x = 1-இல் 9/13 = 0.6923 கிடைக்கிறது, 2-இன் மடக்கை 0.6931. தொடரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துல்லியத்தை எட்ட ஏறத்தாழ 600 உறுப்புகளைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட பின்னங்களுக்குப் பாடே தோராயம் என்று பெயர். 1892-இல் இவற்றை முறைப்படுத்தித் தன் முனைவர் ஆய்வேட்டை எழுதியவர் பிரான்சின் ஆன்றி பாடே. அவருக்கு முன்பே, e என்ற எண் எந்த முழுஎண் கெழுச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாது என்று 1873-இல் நிறுவிய எர்மீத் இந்த வகைப் பின்னங்களைக் கையாண்டிருந்தார். பின்னத்தால் தோராயம் செய்யும் எண்ணம் மட்டும் நம் பக்கம் ரொம்பப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் மகாபாஸ்கரீயத்தில் சைனுக்கு ஒரு விதி தந்தார். இன்றைய குறியீட்டில், x பாகைக்கு 4x(180−x)/(40500 − x(180−x)). 30 பாகைக்கு அச்சாக 1/2, 90-க்கு அச்சாக 1. 45-க்கு 0.7059, சரியான மதிப்பு 0.7071. அட்டவணை தேவையில்லை. ஆனால் அது பாடே வழியில் தொடரிலிருந்து எடுத்த பின்னம் அல்ல.

மடக்கைக்கே திரும்புவோம். பின்னம் ஏன் ஜெயிக்கிறது? x = −1 என்ற இடத்தில் 1+x பூச்சியமாகிவிட, மடக்கை அதலபாதாளத்தில் விழுகிறது. அங்கே ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர் தொடங்கும் பூச்சியத்திலிருந்து அந்தச் சுவர் ஓரலகு தொலைவில், இடப்பக்கத்தில் நிற்கிறது. தொடரின் ஆட்சி எல்லாத் திசையிலும் ஒரே அளவு தூரம்தான் செல்லும். ஆகவே இடப்பக்கச் சுவரின் தண்டனையை வலப்பக்கமும் அனுபவிக்கிறது. x = 2-இல் மடக்கைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் தொடர் அங்கே சிதறுகிறது.

பல்லுறுப்புக்கோவையால் பாதாளத்தைக் காட்டவே முடியாது. எந்த x போட்டாலும் அது ஒரு சாதாரண எண்ணைத்தான் தரும். பின்னத்துக்கோ கோட்டுக்குக் கீழே ஓர் ஆயுதம் இருக்கிறது: பகுதி பூச்சியமாகும் இடத்தில் பின்னமும் பாதாளத்தில் விழும். நாம் கண்ட முதல் பின்னத்தின் பகுதி −2-இல் பூச்சியமாகிறது. இரண்டாவது −1.27-லும் −4.73-லும். முப்படிக்குப் போனால் முதல் குழி −1.13-க்கு வந்துவிடும். சுவர் எங்கே என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னம் தானாகவே தன் குழிகளைச் சுவரின் அந்தப் பக்கத்தில் வரிசையாகத் தோண்டிக்கொள்கிறது. வலப்பக்கம் தப்பித்துக்கொள்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டாவது பின்னம் x எவ்வளவு வளர்ந்தாலும் 3-ஐத் தாண்டாது. 100-இன் மடக்கையைக் கேட்டால் 2.88 என்கிறது, உண்மையில் 4.605.

சுவரே இல்லாத சார்பு என்றால்? eˣ அப்படிப்பட்டது. அதன் எளிய பாடே பின்னம் (2+x)/(2−x). இது x = 2-இல் வெடிக்கிறது! eˣ அங்கே சாதுவாக 7.389 என்று நிற்கிறது, பின்னம் 1.9-இல் 39, 2.1-இல் −41. பொய்க்குழி. இருபடிக்குப் போனால் x = 2-க்குப் பின்னம் சரியாக 7 தருகிறது. நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவையும் 7-தான் தருகிறது. வெற்றி தோல்வி இல்லை. சுவர் இல்லாத இடத்தில் குழி தோண்டும் திறமைக்கு மதிப்பில்லை.

பொய்க்குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? படியை ஒன்று கூட்டிப் பார்க்க வேண்டும். மடக்கையின் முதல் குழி −2, −1.27, −1.13 என்று ஓரிடத்தை நோக்கி நெருங்கியது. eˣ-இன் குழியோ இருபடிக்குப் போனதும் மெய்யெண் கோட்டைவிட்டே காணாமற்போனது, அங்கே பகுதி எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியமாகாது. அதனால் முதல் பின்னத்தின் −41-ஐ நம்பக் கூடாது.

ஆனாலும் eˣ-க்குப் பாடே பின்னத்தை யாரும் கைவிடவில்லை. குழி இருக்கும் தூரத்துக்கே போகாமலிருப்பதுதான் வழி. e²-க்குப் பதிலாக 2-ஐ எட்டால் வகுத்து, x = 0.25-க்கு அந்த எளிய பின்னத்தைப் போட்டால் 2.25/1.75 = 1.2857. அதை வர்க்கப்படுத்தினால் 1.653, மறுபடி, 2.733, மூன்றாம் முறை, 7.467. 7.389-க்கு அருகே வந்துவிட்டோம். எண்ணுக்குப் பதிலாக அணியை வைத்து மேட்லேப் மென்பொருளின் `expm` கட்டளை செய்வதும் இதுவே: சுருக்கு, பின்னத்தைப் போடு, வர்க்கப்படுத்திக்கொண்டே திரும்பு.