காய்ச்சல் விட்ட நாள்: ஒரு டெங்கு கேஸ் பிரசன்டேஷன்

நர்சிங் மாணவர்களின் கேஸ் பிரசன்டேஷன் பெரும்பாலும் பெயர், ஊர், ஐ.பி. எண் என்றுதான் தொடங்குகிறது. பெயருக்குப் பதில் முதலெழுத்தை மட்டும் போட்டாலும், ஊரும் தொழிலும் படுக்கை எண்ணும் சேர்ந்தால் ஆள் யாரென்று வார்டில் தெரிந்துவிடும். 'இருபதுகளில் உள்ள பெண், எடை 50 கிலோ, டெங்கு' என்பது போதும்.

தேதிகளையும் எடுத்துவிட்டு, காய்ச்சலின் 3-ஆம் நாள், 5-ஆம் நாள் என்று எழுதுங்கள். அடையாளம் மறையும், டெங்குவும் தெளிவாகப் புரியும். அந்த நோயில் எத்தனையாவது நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாதிரிக்கு அந்த 50 கிலோ நோயாளியையே எடுத்துக்கொள்வோம். 3-ஆம் நாள் காய்ச்சல் 103 டிகிரி, ரத்த அழுத்தம் 110/70, ஹெமட்டோகிரிட் 36 சதவீதம். 5-ஆம் நாள் காய்ச்சல் 99-க்கு இறங்கிவிட்டது. வீட்டார் டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்கிறார்கள். ஆனால் ஹெமட்டோகிரிட் 44, ரத்த அழுத்தம் 100/80, நாடித்துடிப்பு 112. வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை.

இந்த இரண்டு நாளையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வையுங்கள். விளக்க வேண்டியது இதைத்தான். காய்ச்சல் விடும் வேளையில் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது. நீர் வெளியேறுவதால் ரத்தம் கெட்டியாகிறது. ஹெமட்டோகிரிட் 3-ஆம் நாள் அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருப்பது அதற்கு அடையாளம். மேல் அழுத்தம் 100 என்பது பார்வைக்குப் பரவாயில்லை. கீழ் அழுத்தத்தைக் கழித்துப் பாருங்கள்: 20தான். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோயாளி ஷாக்குக்குள் போகிறார். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போடும் ஸ்லைடுகள் இதைத் தவறவிட்டுவிடுகின்றன.

நர்சிங் பராமரிப்பும் இதிலிருந்தே வரும். பிரச்சினை, உடலுக்குள் நீர் இடம் மாறியது. டாக்டருக்கு உடனே சொல்வது, அவர் சொன்ன வேகத்தில் ஐ.வி. திரவம் ஏற்றுவது, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்ப்பது, சிறுநீரை மணிக்கு மணி அளப்பது எல்லாம் நம் வேலை. இவருக்குச் சிறுநீர் மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்று, கசிந்த நீர் ரத்தத்துக்கே திரும்பும். அதன் பிறகும் அதே வேகத்தில் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே மூச்சுத்திணறலைக் கவனிப்பதையும் எழுதுங்கள்.

லேப் ரிப்போர்ட்டைப் படமெடுத்து ஒட்டாதீர்கள். பெயர் மேல் வைத்த கறுப்புக் கட்டத்தை யாரும் நகர்த்திவிடலாம். கிராப் செய்த பகுதியும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். எண்களை நீங்களே அட்டவணையாகத் தட்டச்சு செய்வதுதான் பத்திரம்.