மீன் வியாபாரி தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலும், திட்ட அறிக்கையில் 'குழு' என்ற பக்கமும்

சேலம், நாமக்கல் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களின் திட்ட அறிக்கைகளை அவ்வப்போது படித்துப் பார்ப்பதுண்டு. இயந்திர விலை, கட்டட மதிப்பீடு, ஐந்து வருட லாபக் கணக்கு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். 'எங்கள் குழு' என்ற தலைப்புக்கு வந்தால் மட்டும் எழுத்து தடுமாறும். பெரும்பாலும் அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, இருபத்தாறு வயதுப் பையனுக்கு 'தொழில்துறையில் ஆழ்ந்த அனுபவம்' என்று போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் ஆலோசகர்கள் என்று ஏழெட்டுப் பெரிய மனிதர்களின் போட்டோவை வரிசையாக ஒட்டிவிடுவார்கள்.

அனுபவம் இல்லாதவர்கள் தொழில் தொடங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. சேலத்து ஜவ்வரிசித் தொழிலே அப்படிப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரி. வியாபார விஷயமாக அடிக்கடி கேரளா போய்வந்தவர். மரவள்ளி அங்கே தாராளமாக விளைகிற பயிர். ஆனால் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் வித்தை அவர் தொழில் அல்ல. பினாங்கிலிருந்து திரும்பிவந்த போபட்லால் ஷா அந்த முறை தெரிந்தவர். அவர் உதவியோடு 1943இல் மிக எளிய முறையில் உற்பத்தி தொடங்கியது. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைச் சீர்திருத்த, உற்பத்தி பெருகியது.

இந்த மூன்று பேரை வைத்து இன்றைக்கு ஒரு 'குழு' பக்கம் எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். செட்டியாருக்கு 'ஸ்டார்ச் தொழிலில் அனுபவம்' என்று எழுதினால் பொய். 'சரக்கு வாங்கி, அனுப்பி, விற்றுப் பழகியவர். கிழங்கைப் பதப்படுத்தத் தெரியாது. அது தெரிந்தவர் ஷா' என்று எழுதினால் உண்மை. கடன் கொடுப்பவருக்கும் அதுதான் வேண்டும். 'இவன் எவ்வளவு பெரிய ஆள்' என்று அளப்பதற்காக அவர் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. இந்தத் தொழிலைக் கவிழ்க்கக்கூடிய வேலைகள் எவை, ஒவ்வொன்றையும் செய்யப்போவது யார் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

ஆகவே ஆட்களிலிருந்து தொடங்காமல் வேலைகளிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆத்தூர் பக்கம் இரண்டு நண்பர்கள் மரவள்ளி ஸ்டார்ச் ஆலை போட நினைக்கிறார்கள். ஒருவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நாலு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவர். இன்னொருவர் பி.காம், லாரி ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். இரண்டு பேரும் சேகோ ஆலைக்குள் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை.

ஆலையைக் கவிழ்க்கக்கூடிய வேலைகள் நான்கு: கிழங்கு வாங்குவது, இயந்திரம் நிற்காமல் ஓடுவது, கழிவுநீர், விற்பனை. இயந்திரம் இன்ஜினியர் கையில். விற்பனைக்கு சேலத்தில் 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. உறுப்பினரானால் அதன் ஏலத்தில் விற்கலாம். மீதி இரண்டும் ஓட்டைகள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு ஓட்டைக்கும் ஆலோசகர் பெயரைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை.

கிழங்கு வாங்குவது தினசரி வேலை. இங்கே கிழங்குக்கு விலை மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில்தான். லோடு வந்து நிற்கும்போது பாயிண்ட் பார்க்க வேண்டும், மண்ணுக்குக் கழிக்க வேண்டும், விவசாயியிடமும் புரோக்கரிடமும் பேசி முடிக்க வேண்டும். பிடுங்கிய கிழங்கு நாள்கணக்கில் தாங்காது. பேரம் இழுத்தால் சரக்கு கெட்டுவிடும். மாதம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகிற ஆலோசகர் இதைச் செய்ய முடியாது. சம்பளத்துக்கு ஒரு அனுபவஸ்தர் வேண்டும், அல்லது கூட்டாளியாக ஒருவர் வேண்டும். ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்றால் 'கொள்முதல் மேலாளர் நியமிக்கப்பட வேண்டும். சம்பளம் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. அவர் சேர்ந்த பிறகே கொள்முதல் தொடங்கும்' என்று எழுதலாம். காலியாக இருக்கும் நாற்காலியைக் காட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லைங்க.

கழிவுநீர் வேறு வகை. கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீர் புளித்து நாறும். சுத்திகரிக்காமல் விட்டால் கிணறு கெடும், ஊர் திரளும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக்கும் ஆபத்து வரும். ஆனால் இதில் பெரிய முடிவுகள் ஆரம்பத்திலேயே எடுக்கப்படுகின்றன: எந்த முறை, எவ்வளவு கொள்ளளவு, சாண எரிவாயு போல இதிலும் வாயு எடுப்பதா என்று. அதன்பிறகு அவ்வப்போது பார்த்துச் சொன்னால் போதும். தினமும் ஓட்டுவதை இன்ஜினியர் கற்றுக்கொள்ளலாம். இதற்கு ஆலோசகர் சரியாகப் பொருந்துவார்.

அப்போது அறிக்கையில் எழுத வேண்டியது இப்படி: 'நிறுவனர்கள் இருவருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அனுபவம் இல்லை. சேகோ ஆலைகளுக்குச் சுத்திகரிப்பு அமைத்துக் கொடுத்த இன்னார் ஆலோசகராக ஒப்புக்கொண்டுள்ளார். வடிவமைப்பைச் சரிபார்ப்பார், முதல் பருவத்தில் மாதம் இரண்டு நாள் ஆலைக்கு வருவார். மதிப்பூதியம் இவ்வளவு. சம்மதக் கடிதம் இணைப்பில்.' என்ன செய்தவர், என்ன செய்யப்போகிறார், எத்தனை நாள், பதிலுக்கு என்ன என்ற நான்கும் இருந்தால்தான் அது ஆலோசகர். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியல்தான்.

பெரிய பெயர்கள் ஓட்டையை அடைக்காது என்பதற்குத் தெரானோஸ் நல்ல உதாரணம். எலிசபெத் ஹோம்ஸ் 2003இல், பத்தொன்பது வயதில், படிப்பைப் பாதியில் விட்டுத் தொடங்கிய அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் இருந்தார்கள். ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வக வேலையில் 'இது ஓடாது' என்று சொல்லக்கூடிய கண் அந்த மேஜையில் போதுமான அளவு இல்லை. 2022 ஜனவரியில் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றவாளி என்று தீர்ப்பானது. நம்ம ஊரிலும் இதே கதை சின்ன அளவில் நடக்கும். ஓய்வுபெற்ற அதிகாரி பெயர் அறிக்கையில் இருக்கும். கிழங்கின் பாயிண்ட் பார்க்கத் தெரிந்தவர் பெயர் இருக்காது.

ஆலோசகருக்கு எல்லைகளும் உண்டு, அவற்றையும் மறைக்கக் கூடாது. அவர் கடனுக்கு ஜாமீன்தாரர் அல்ல, இயக்குநரும் அல்ல. பக்கத்து ஆலை முதலாளியை ஆலோசகராகப் போட்டால், உங்கள் கொள்முதல் விலை அவருக்குத் தெரியலாமா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் பணியில் இருக்கும் விஞ்ஞானியிடம் சந்தேகம் கேட்டு வந்தால் அது வழிகாட்டுதல் பெற்றதாகும். அவர் பெயரை ஆலோசகர் என்று அச்சிட அவருடைய சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். ஒருமுறை சந்தித்தவரையெல்லாம் பட்டியலில் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பொய்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை செய்து பாருங்கள். முதலாவது, வங்கி மேலாளர் அந்த ஆலோசகருக்கு நேராகப் போன் போட்டு 'இவர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால், அறிக்கையில் உள்ள அதே பதில் வருமா? இரண்டாவது, ஆலோசகர்கள் பெயர் எல்லாவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மறைத்த பிறகும் நாளைக் காலையில் லோடு வந்தால் இறக்கி, அரைத்து, மூட்டை கட்ட ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்குத் தேவைப்படுவது வேலைக்கு ஒரு ஆள். ஆலோசகரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.