ஒரு தெர்மிஸ்டர் அட்டவணையிலிருந்து எவ்வளவு சொல்லலாம்?

தெர்மிஸ்டர் என்பது வெப்பநிலைக்கேற்ப மின்தடை பெரிதும் மாறும் சிறு மணி. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டு எடுப்பது. குளிர்சாதனப் பெட்டி, டிஜிட்டல் காய்ச்சல்மானி, கைப்பேசி பேட்டரி எல்லாவற்றிலும் வெப்பநிலையை உணர்வதற்கு இது இருக்கிறது. இதைச் சூடாக்கி மின்தடையை அளப்பது இயற்பியல் ஆய்வகங்களில் வழக்கமான சோதனை. அளவீடுகள் கணினி அட்டவணையில் ஏறிவிடும். அறிக்கையின் 'விவாதம்' பகுதியை எழுத உட்காரும்போது கையில் மிஞ்சுவது பல நேரங்களில் அந்த அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.

அப்படிப்பட்ட ஒரு மாதிரி அட்டவணை கீழே உள்ளது. எண்ணெய் ஊற்றிய சோதனைக்குழாய்க்குள் தெர்மிஸ்டர்; சோதனைக்குழாய் நீர் நிரம்பிய பீக்கருக்குள்; வெப்பமானி நீரில். மின்தடையை மல்டிமீட்டர் காட்டுகிறது. மணியின் மேல் அச்சிட்ட மதிப்பு 25 டிகிரியில் 10 கிலோ ஓம்.

| வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) | சூடேறும்போது (கிலோ ஓம்) | ஆறும்போது (கிலோ ஓம்) |
|---|---|---|
| 30 | 8.46 | 7.83 |
| 40 | 5.56 | 5.18 |
| 50 | 3.75 | 3.51 |
| 60 | 2.59 | 2.43 |
| 70 | 1.83 | 1.72 |

வெப்பநிலை ஏற மின்தடை இறங்குகிறது என்பது அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. பல அறிக்கைகளின் விவாதம் இதைச் சொல்லி, 'சில மனிதத் தவறுகளால் பிழை ஏற்பட்டிருக்கலாம்' என்று சேர்த்து முடிந்துவிடும். எந்தத் தவறு, எந்த எண்ணை, எந்தப் பக்கம் தள்ளியது என்று சொல்லாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. அதைச் சொல்வதற்கு வேண்டியதெல்லாம் இந்தப் பத்து எண்களிலேயே இருக்கிறது.

முதலில் இறக்கத்தின் போக்கு. 30 டிகிரியிலிருந்து 40க்குப் போகும்போது மின்தடை 2.90 கிலோ ஓம் குறைகிறது. 60இலிருந்து 70க்குப் போகும்போது 0.76தான் குறைகிறது. ஆகவே இது நேர்கோட்டு இறக்கம் அல்ல. ஆனால் விகிதமாகப் பார்த்தால் படம் மாறுகிறது: முதல் பத்து டிகிரியில் சுமார் 34 விழுக்காடு, கடைசிப் பத்து டிகிரியில் சுமார் 29 விழுக்காடு. ஒவ்வொரு படியிலும் இருப்பதில் ஏறக்குறைய ஒரே பங்கு கழிகிறது. அந்தப் பங்கும் சூடு ஏற ஏறக் கொஞ்சம் சுருங்குகிறது. இந்த நடத்தையைத்தான் கீழ்க்காணும் வாய்பாடு சொல்கிறது.

R = A e^(B/T)

இதில் T கெல்வினில் அளந்த வெப்பநிலை. B அந்தப் பொருளுக்குரிய மாறிலி. இருபுறமும் இயல் மடக்கை எடுத்தால் ln R = ln A + B/T என்றாகும். 1/T கிடை அச்சிலும் ln R நிலை அச்சிலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வே B.

சூடேறும் வரிசையின் இரு முனைகளை எடுத்துக்கொள்ளலாம். 8.46ஐ 1.83ஆல் வகுத்தால் 4.62; அதன் இயல் மடக்கை 1.531. 30 டிகிரி என்பது 303.15 கெல்வின், 70 டிகிரி 343.15 கெல்வின். இவற்றின் தலைகீழ்களுக்கு இடையேயுள்ள வித்தியாசம் 0.0003845. வகுத்தால் B ஏறத்தாழ 3980 கெல்வின். ஆறும் வரிசையில் இதே கணக்கு 3940 தருகிறது. கடைகளில் கிடைக்கும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் மதிப்பு 3950 என்பதால், விடை நம்பத்தக்க இடத்தில்தான் நிற்கிறது. இங்கே கணக்கை விளக்க இரு முனைகள் மட்டும் எடுக்கப்பட்டன. அறிக்கையில் ஐந்து புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டை வரைந்தே சாய்வு காண வேண்டும்.

செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறப்பது இந்தச் சோதனையில் அடிக்கடி நடப்பது. அதைக் கண்டுபிடிப்பது எளிது. மாற்றாமல் கணக்கிட்டால் 30க்கும் 40க்கும் இடையே சாய்வு சுமார் 50 என்றும், 60க்கும் 70க்கும் இடையே சுமார் 146 என்றும் வரும். கோடு வளைந்துவிடும்; எண்ணும் ஆயிரங்களில் இருக்க வேண்டிய இடத்தில் நூறைச் சுற்றி நிற்கும். கெல்வினில் போட்டால் அதே இரு இடைவெளிகளும் 3985, 3970 என்று ஒத்துப்போகின்றன.

இனி இரண்டு வரிசைகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி. 50 டிகிரியில் சூடேறும்போது 3.75, ஆறும்போது 3.51. வித்தியாசம் 0.24 கிலோ ஓம், அதாவது ஆறேழு விழுக்காடு. தற்செயலான பிழை என்றால் சில வரிகளில் முதல் எண்ணும் சில வரிகளில் இரண்டாம் எண்ணும் பெரிதாக இருக்கும். இங்கே ஐந்து வரிகளிலும் சூடேறும் எண்ணே பெரிது. ஒரே திசையில் சாயும் வித்தியாசத்துக்கு ஒரு நிலையான காரணம் இருந்தாக வேண்டும்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. வெப்பமானி நீரின் சூட்டைக் காட்டுகிறது. தெர்மிஸ்டரோ கண்ணாடிச் சுவருக்கும் எண்ணெய்க்கும் அப்பால் இருக்கிறது. நீர் சூடேறும்போது மணி பின்தங்கி, நீரைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் அதன் மின்தடை இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆறும்போது நேர்மாறு. பின்தங்கல் எவ்வளவு என்பதையும் அட்டவணையே சொல்லிவிடுகிறது. 50 டிகிரிக்கு அருகில் இந்தத் தெர்மிஸ்டரின் மின்தடை டிகிரிக்கு சுமார் 3.8 விழுக்காடு மாறும். இது B-ஐ T-இன் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது. ஆறேழு விழுக்காட்டை 3.8ஆல் வகுத்தால் 1.7 அல்லது 1.8 டிகிரி. ஏறும் பயணத்திலும் இறங்கும் பயணத்திலும் ஏற்பட்ட பின்தங்கல்கள் இரண்டும் சேர்ந்தது இது.

இந்தப் பிழை எல்லா விடைகளையும் ஒரே அளவு கெடுக்கவில்லை என்பதுதான் விவாதத்தில் எழுத வேண்டிய முக்கியமான செய்தி. பின்தங்கல் ஏறக்குறைய ஒரே அளவாக நீடித்தால் கோடு முழுவதும் மேலேயோ கீழேயோ நகரும். சாய்வு அவ்வளவாக மாறாது. மின்தடைகள் ஆறு முதல் எட்டு விழுக்காடு வரை விலகியிருந்தும் B-இன் இரு மதிப்புகளும் ஒரு விழுக்காடுதான் விலகியது இதனால்தான். ஆனால் கோட்டை நீட்டி 25 டிகிரியில் மின்தடை என்ன என்று கேட்டால் சூடேறும் வரிசை 10.5 என்றும், ஆறும் வரிசை 9.7 என்றும் சொல்கின்றன. அச்சிட்ட 10 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. சாய்வை நம்பலாம், கோடு நிற்கும் உயரத்தை நம்ப முடியாது. அடுத்த முறை நீரைக் கலக்கிக்கொண்டே மெல்லச் சூடாக்கி, வெப்பமானியையும் மணியையும் ஒரே எண்ணெயில் வைத்தால் இந்த இடைவெளி சுருங்கும்.

வேறொரு பிழையும் உண்டு. அதன் தடம் வேறு. அளப்பதற்காகச் செலுத்தும் மின்னோட்டமே மணியைச் சூடாக்கலாம். மல்டிமீட்டர் செலுத்தும் மின்னோட்டம் சிறியது என்பதால் இங்கே கவலை இல்லை. ஆனால் 5 வோல்ட்டை நேரடியாக இணைத்து மின்னோட்டத்தை அளக்கும் முறையில், 10 கிலோ ஓமில் 2.5 மில்லிவாட்டாக இருக்கும் திறன், மின்தடை 1.27 கிலோ ஓமுக்கு இறங்கும்போது 20 மில்லிவாட்டை நெருங்கிவிடும். சூடான முனையில்தான் மணி கூடுதலாகச் சூடாகும். அங்கே மின்தடை இன்னும் குறைவாகத் தெரியும். கோடு அந்த முனையில் கீழ்நோக்கி வளையும். பின்தங்கல் கோட்டை நகர்த்தும், தன்சூடு கோட்டை வளைக்கும். மேலுள்ள அட்டவணையில் வளைவு இல்லை.

ஸ்கிரீன்ஷாட் என்பதால் வரும் சிக்கல் தனி. கணினி அட்டவணை உள்ளே வைத்திருக்கும் எல்லா இலக்கங்களையும் திரையில் காட்டாது. இதே நிரல் ஒரு தசம இடத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால் 8.46 என்பது 8.5 ஆகவும், 1.83 என்பது 1.8 ஆகவும் தெரியும். மேல்வரியில் இந்த முழுமையாக்கம் அரை விழுக்காட்டைத் தொடும். கடைசி வரியிலோ 1.75இலிருந்து 1.85 வரை எதுவும் 1.8 என்றே தெரியும் என்பதால் கிட்டத்தட்ட 3 விழுக்காடு. அது ஒன்றே B-ஐ 70 கெல்வின் அளவுக்கு ஆட்டிவிடும், அதாவது இரு வரிசைகளுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தைவிட அதிகமாக. படத்தில் தெரிவதுதான் அளவீட்டின் துல்லியம் என்று எடுத்துக்கொள்வதற்குமுன் மூலக் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. தலைப்பு வரி வெட்டுப்பட்டு ஓமா கிலோ ஓமா என்று தெரியாமல் போனால் B-க்கு ஆபத்தில்லை, விகிதம் மாறாது. A மட்டும் ஆயிரம் மடங்கு தவறும்.

B-இலிருந்து ஆற்றலைக் கணக்கிடச் சொல்வதும் வழக்கம். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சராசரி 3960ஐ போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கினால் 0.34 எலெக்ட்ரான் வோல்ட். தூய குறைக்கடத்திக்கு ஆற்றல் இடைவெளி இதன் இரு மடங்கு என்று பாடநூலில் இருப்பதால் 0.68 என்று எழுதத் தோன்றும். ஜெர்மானியத்தின் இடைவெளி சுமார் 0.67 என்பதால், 'தெர்மிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது' என்ற முடிவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எண் பொருந்துவது தற்செயல். இந்த ஆக்சைடுகளில் மின்னூட்டம் ஒரு மாங்கனீசு அயனியிலிருந்து பக்கத்து அயனிக்குத் தாவித் தாவி நகர்கிறது; 0.34 என்பது அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல், இரட்டிப்பதற்குக் காரணம் இல்லை. செம்பில் மின்தடை சூட்டோடு ஏறுவதற்கும் இங்கே இறங்குவதற்கும் உள்ள வேறுபாடும் இதிலிருந்தே வருகிறது. செம்பில் எலெக்ட்ரான்கள் முன்பே விடுதலையாக இருக்கின்றன; அணுக்களின் அதிர்வு அவற்றைத் தடுக்க, டிகிரிக்கு சுமார் 0.4 விழுக்காடு மின்தடை கூடுகிறது. ஆக்சைடிலோ சூடு தாவல்களை எளிதாக்குகிறது. சூட்டில் கடத்துதிறன் கூடும் இந்தப் போக்கை 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டு பதிவுசெய்தார்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் விவாதம் ஒரு பத்தியில் அடங்கிவிடும்:

"30 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை ln R, 1/T-உடன் நேர்கோட்டில் மாறுகிறது. சூடேறும் வரிசையில் B = 3980 கெல்வின், ஆறும் வரிசையில் 3940 கெல்வின்; சராசரி 3960. எல்லா வெப்பநிலைகளிலும் சூடேறும் மின்தடை கூடுதலாக இருப்பது, தெர்மிஸ்டர் நீரின் வெப்பநிலைக்குப் பின்தங்கியதைக் காட்டுகிறது. இரு திசைகளும் சேர்ந்து பின்தங்கல் சுமார் 1.8 டிகிரி. இது B-ஐ ஒரு விழுக்காடு அளவே பாதிக்கிறது. 25 டிகிரிக்குரிய மின்தடையை 9.7க்கும் 10.5 கிலோ ஓமுக்கும் இடையே என்று மட்டுமே சொல்ல முடிகிறது. தன்சூட்டுக்கான வளைவு தென்படவில்லை."

இந்தப் பத்தியில் வெப்பநிலை வரம்பைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. B உண்மையில் முழு மாறிலி அல்ல; வெப்பநிலையோடு மெல்ல மாறும். தயாரிப்பாளர்கள் 25–50, 25–85 டிகிரி என்று வரம்பைச் சேர்த்தே அதைத் தருவது இதனால்தான். அகன்ற வரம்பில் துல்லியம் வேண்டுமென்றால் 1968இல் வெளியான ஸ்டைன்ஹார்ட்–ஹார்ட் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் B போன்ற ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று மாறிலிகள் உள்ளன. அவற்றைக் காண நன்கு தெரிந்த மூன்று வெப்பநிலைகளிலாவது மின்தடையை அளந்திருக்க வேண்டும். வெப்பமானியும் மணியும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு டிகிரி விலகி நிற்கும் இந்த அமைப்பில் அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பயனில்லை.