தலைகீழான போன் நம்பர்: ஒரு அரபி அனுபவச் சான்றிதழ்

அஞ்செட்டி பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு தம்பி ஓசூர் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டராக இருந்தான். சவூதியில் வேலை கிடைத்தது. அனுபவச் சான்றிதழை அரபியில் கேட்டார்கள். அரபி தெரிந்த நண்பர் மொழிபெயர்த்துத் தந்தார். பக்கத்தை அமைத்தது நான். சரிபார்க்க அவர்கள் கூப்பிட்ட கம்பெனி போன் நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கிறது. தட்டச்சில் பிழையே இல்லை. பிறகு எங்கே போனது தப்பு?

நம்ம ஊரில் புழங்கும் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாமே இடமிருந்து வலம் போகும். அரபி வலமிருந்து இடம். ஆனால் அரபியிலும் எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகத்தான் போகும். சிக்கல், ஒரே எண்ணை நாம் இரண்டு துண்டாகப் பிரித்து எழுதும்போது. 12345 67890 என்று நடுவில் இடைவெளி விட்டால், யூனிகோட் விதி அதை இரண்டு தனி எண்களாகப் பார்க்கும். அரபி வரிக்குள் முதல் துண்டு வலப்பக்கம், அடுத்தது அதற்கு இடப்பக்கம் நிற்கும். திரையில் தெரிவது 67890 12345.

இடைக்கோடும் இதையே செய்யும். பணியாளர் எண் 4471-02 என்பது 02-4471 ஆகிவிடும். 05-03-2018 என்ற தேதி 2018-03-05 என்று திரும்பும். சாய்கோடு போட்டால், அதாவது 05/03/2018 என்றால், திரும்பாது. இரண்டு எண்களுக்கு நடுவே வரும் சாய்கோட்டை விதி எண்ணின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

இதற்காக எண்ணை நாமே மாற்றித் தட்டக்கூடாது. வேறு இடத்தில் ஒட்டினால் அது நிஜமாகவே தப்பாகிவிடும். எண்ணைத் தனியாக வேலி போட்டுவிட்டால் போதும். நான் பக்கத்தை ஹெச்டிஎம்எல்லில் எழுதி பிரவுசரிலிருந்து அச்செடுப்பதால், இப்படி:

```html
<html lang="ar" dir="rtl">
...
<bdi dir="ltr">12345 67890</bdi>
```

முதல் வரி பக்கத்தையே வலமிருந்து இடமாக்குகிறது. அட்டவணையின் முதல் பத்தியும் தானாக வலப்பக்கம் போய்விடும். படங்கள் திரும்பாது, கம்பெனி லோகோவையும் முத்திரையையும் அப்படியே விட வேண்டும், கண்ணாடிபோலத் திருப்பக்கூடாது.

இலக்க வடிவம் இன்னொரு முடிவு. அரபி நாடுகளில் ٠١٢٣ வகை இலக்கங்களும் புழக்கத்தில் உண்டு. அதில் ٥ என்பது ஐந்து, வெறும் புள்ளிதான் பூஜ்யம். நம்ம கண்ணுக்கு அந்த ஐந்து பூஜ்யமாகத்தான் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பது 0123 வகை; ஒப்பிட வசதியாக நான் அதையே வைத்தேன்.

இப்போது அனுப்புமுன் ஒரு வேலை செய்கிறேன். பிடிஎஃப்பைத் திரையில் பார்த்துத் திருப்திப்படாமல் அச்செடுத்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து இடமிருந்து வலமாகப் படிக்கிறேன். இதற்கு அரபி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் தம்பி இரண்டாவது முறை சான்றிதழ் அனுப்பியிருக்க வேண்டாம்.