12 மணி நேரத்துக்குள் 18 அத்தியாயங்களா?

எஸ்பிஎம் நெருங்கும்போது ஸ்ரீ கெம்பாங்கான் கடைவீடுகளின் மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்புகளில் ஆட் மேத்ஸ் மீள்பார்வைத் தொகுப்புகள் தடிமனாகிக்கொண்டே போகும். நான்காம் படிவத்தில் பத்து, ஐந்தாம் படிவத்தில் எட்டு என மொத்தம் 18 அத்தியாயங்கள். கையில் இருப்பதோ ஒரு வார இறுதி, அதாவது 12 மணி நேரம். வகுத்தால் அத்தியாயத்துக்கு 40 நிமிடம் வரும். ஒரு லீனியர் லா வரைபடத்தை வரைந்து முடிக்கவே அதில் பாதி போய்விடும்.

அதனால் தொகுப்பைத் தாளின் அமைப்பிலிருந்து திட்டமிட வேண்டும். முதல் தாள் இரண்டு மணி நேரம், 80 மதிப்பெண். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். இரண்டிலும் தேர்வு செய்து எழுதும் பகுதி உண்டு. இரண்டாம் தாளின் B பிரிவில் நான்கு கேள்விகளுள் மூன்றை எழுதினால் போதும். ஆனால் அங்கே எந்த அத்தியாயம் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதை நம்பி எதையும் ஒதுக்க முடியாது. C பிரிவு அப்படியல்ல. முக்கோணத் தீர்வு, குறியீட்டெண், லீனியர் புரோகிராமிங், கினமேட்டிக்ஸ் ஆகிய நான்கிலிருந்து கேள்விகள் வரும்; இரண்டுக்கு விடை எழுத வேண்டும், மொத்தம் 20 மதிப்பெண். தைரியமாக ஒதுக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

எந்த இரண்டை வைத்துக்கொள்வது? பள்ளியின் முன்னோட்டத் தேர்வுத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். வகையீட்டிலும் தொகையீட்டிலும் கை நன்றாக ஓடும் மாணவிக்குக் கினமேட்டிக்ஸ் பாதி இலவசம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு துகளின் இடப்பெயர்ச்சி s = t³ − 6t² + 9t என்றால், திசைவேகம் v = 3(t − 1)(t − 3). முதல் நான்கு வினாடிகளில் கடந்த மொத்தத் தூரம் என்ன? பலர் v-ஐ 0 முதல் 4 வரை ஒரே மூச்சில் தொகையிட்டு 4 என்று எழுதிவிடுவார்கள். அது இடப்பெயர்ச்சி. துகள் 1-வது வினாடியில் திரும்பிப் பின்னால் வந்து, 3-வது வினாடியில் மீண்டும் முன்னால் போகிறது. நான்கு போய், நான்கு திரும்பி, நான்கு போனதால் தூரம் 12. முன்னோட்டத் தாளில் இதே இடத்தில் தடுமாறியிருந்தால், இந்த வகைக் கணக்கு மூன்றைத் தொகுப்பில் வைத்தால் போதும்.

வகையீடே தகராறு என்றால் கினமேட்டிக்ஸை விட்டுவிட்டு, குறியீட்டெண்ணையும் லீனியர் புரோகிராமிங்கையும் எடுப்பது புத்திசாலித்தனம். பின்னதில் கணக்கைவிட வாசிப்புதான் காலை வாரும். “y, x-ஐவிடக் குறைந்தது 20 கூடுதல்” என்பது y − x ≥ 20. “செக்குராங்-குராங்ஞா” என்ற மலாய்ச் சொல்லைக் கண்டதும் அவசரத்தில் ≤ போட்டால், நிழலிடும் பகுதியே மாறிவிடும். இதற்கு முழுக்கணக்கு தேவையில்லை. வாக்கியங்களை மட்டும் சமனின்மைகளாக மாற்றும் ஒரு பக்கம் போதும்.

மற்ற அத்தியாயங்களுக்கு முன்னோட்டத் தாளில் விட்ட மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: வழி தெரிந்தும் பிழைத்தவை, நேரம் போதாதவை, தொடங்கவே தெரியாதவை. முதல் வகைக்குத்தான் தொகுப்பில் முதலிடம். படிநிலைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் பலன் கைமேல் தெரியும். மூன்றாம் வகையில் ஒரு மணி நேரத்துக்குள் புரியாத எதையும் இப்போது தொட வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோருக்கு இது உவப்பாக இருக்காது. பாடத்தை விட்டுவிட்டதாகத் தோன்றும்.

இனி 12 மணி நேரக் கணக்கு. இரண்டு தாள்களையும் கடிகாரம் வைத்து எழுத நாலரை மணி, திருத்த இரண்டு மணி. C பிரிவின் இரண்டு அத்தியாயங்களுக்கு ஒன்றரை மணி, லீனியர் லாவுக்கு ஒரு மணி. வகையீடு, தொகையீட்டுக்கு இரண்டு மணி. மிச்சம் ஒரு மணி, பிழைத்த கணக்குகளைத் திரும்பப் போட. இதைத் திருத்திய அன்றே செய்யாமல் மறுநாளுக்கு ஒதுக்குங்கள்; அன்றே செய்தால் விடை கண்ணில் நிற்கும், வழி தெரிந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

லீனியர் லாவில் இரண்டைக் கவனியுங்கள்: மாணவர்கள் அட்டவணை மதிப்புகளைப் போதிய தசம இடங்களோடு எழுதினார்களா, சாய்வைத் தாங்கள் வரைந்த கோட்டின் மேல் உள்ள புள்ளிகளிலிருந்து எடுத்தார்களா. அட்டவணையிலிருந்து நேராக இரண்டு புள்ளிகளை எடுத்துப் போடுவதுதான் வழக்கமான தவறு.

தேர்வுத்தாளின் முன்பக்கத்தில் அச்சாகும் சூத்திரங்களைத் தொகுப்பில் மறுபடி அச்சிட வேண்டாம். அங்கே இல்லாதவற்றுக்கு அரைப் பக்கம் போதும். கடைகளில் விற்கும் ‘எதிர்பார்க்கப்படும் கேள்விகள்’ கட்டும் வேண்டாம். விடைத்தாள் மட்டும் கட்டாயம், ஆனால் தனிக் கட்டாக, வழிமுறைகளோடு.