போடாத ஊசிக்கும் பில்

காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். பில் கைக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். நோயாளி உடை மாற்றி உட்கார்ந்திருப்பார், வாசலில் கார் நிற்கும். அந்த அவசரத்தில் எட்டுப் பக்க பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நடக்காத சிகிச்சைக்கும் போடாத மருந்துக்கும் பில்லில் எப்படி இடம் கிடைக்கிறது? எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. வார்டில் மருந்து வேண்டுமென்றால் நர்ஸ் கம்ப்யூட்டரில் இண்டென்ட் போடுகிறார். ஃபார்மசி மருந்தை அனுப்பியதுமே அது உங்கள் ஐ.பி. நம்பரில் ஏறிவிடுகிறது. அந்த ஊசி உண்மையிலேயே போடப்பட்டதா என்று பில்லிங் பிரிவுக்குத் தெரியாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பல இடங்களில் அப்படித்தான்: ஆர்டர் போட்டவுடன் கட்டணம் ஏறும், டாக்டர் பிறகு வேண்டாம் என்றால் யாராவது நினைவாக நீக்க வேண்டும். ஆக, பில் என்பது கேட்டு வாங்கியவற்றின் கணக்கு. செய்ததன் கணக்கு கேஸ் ஷீட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பு தானே தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். நிமோனியாவுக்காக ஓர் அம்மா தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இரண்டு நாள் ஐசியூ, பிறகு மூன்று நாள் தனி அறை. ஃபைனல் பில் 1,38,600 ரூபாய். மகன் பிரேக்கப் பில்லைக் கேட்டு வாங்குகிறார். பல கவுன்டர்களில் முதலில் தருவது 'மருந்து இவ்வளவு, பரிசோதனை இவ்வளவு' என்று தலைப்பு வாரியான ஒரு பக்கச் சுருக்கம்தான். அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. தேதி வாரியாக, ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கையும் விலையும் உள்ள பில்லைத்தான் கேட்க வேண்டும்.

அதில் ஐசியூ வாடகை மூன்று நாளுக்கு இருக்கிறது, நாள் ஒன்றுக்கு 12,000. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கே அம்மாவை அறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அறை வாடகையும் தனியாக ஏறியிருக்கிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் நாள் கணக்கு எத்தனை மணிக்கு மாறுகிறது?" என்பதுதான். சில இடங்களில் நள்ளிரவு, சில இடங்களில் மதியம் பன்னிரண்டு. இந்த மருத்துவமனையில் மதியம் பன்னிரண்டு என்று கட்டண அட்டையிலேயே இருக்கிறது. மாற்றிய நேரமோ நர்ஸ்களின் குறிப்பில் இருக்கிறது. 12,000 ரூபாய் தப்பு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்தது ஆன்டிபயாடிக் ஊசி. ஐந்து நாளைக்கு, தினம் மூன்று வேளை என்று எழுதி 15 வயல் வாங்கியிருக்கிறார்கள். மூன்று நாளில் டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிட்டார். மருந்து சார்ட்டில் ஒவ்வொரு டோஸுக்கும் நேரமும் நர்ஸின் கையெழுத்தும் இருக்கும். எண்ணினால் ஒன்பதுதான். மீதி ஆறு வயல் ஃபார்மசிக்குத் திரும்பிப் போயின, ஆனால் ரிட்டர்ன் கணக்கு பில்லில் கழியவில்லை. வயல் 900 வீதம் 5,400 ரூபாய். நான் பார்த்தவரை இந்த ரிட்டர்ன் விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். பில் போடுவதற்கு முன்பே நர்ஸிங் ஸ்டேஷனில், "மீந்த மருந்தெல்லாம் ரிட்டர்ன் போட்டாச்சா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, ரிட்டர்ன் சீட்டை வாங்கிக்கொள்வது நல்லது.

நெபுலைசர் 20 தடவை என்கிறது பில், சார்ட்டில் 12 தடவை. தடவைக்கு 150 என்றால் 1,200 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை நுரையீரல் நிபுணர் வந்ததாக 1,000 ரூபாய். அன்றைய தேதியில் அவர் எழுதிய குறிப்பு எதுவும் கேஸ் ஷீட்டில் இல்லை. மொத்தம் 19,600.

கையுறை, பஞ்சு, சிரிஞ்ச் போன்றவற்றின் எண்ணிக்கையை இந்த வழியில் நிரூபிப்பது கஷ்டம். அவற்றை யாரும் தனித்தனியாகக் குறித்து வைப்பதில்லை. கேஸ் ஷீட்டிலேயே பொய்யாக எழுதியிருந்தாலும் வேலை கடினமாகிவிடும், கூட இருந்தவர் நோட்டில் நேரம் போட்டுக் குறித்திருந்தால்தான் பேச முடியும். 'விலை அதிகம்' என்பது வேறு சண்டை, அதை இதோடு கலந்தால் இரண்டுமே வலுவிழக்கும்.

மகன் கவுன்டரில் சத்தம் போடவில்லை. ஒரு தாளில் ஐ.பி. நம்பர், பில் நம்பர், தேதி போட்டு, நான்கு வரிகளில் நான்கு தப்புகளையும் எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே கேஸ் ஷீட்டில் எந்தத் தேதி, என்ன குறிப்பு என்று சொல்கிறார். கீழே, "மேற்கண்ட 19,600 ரூபாயை நீக்கி 1,19,000 ரூபாய்க்குத் திருத்திய ஃபைனல் பில் தரவும்" என்று முடித்து, நகலில் சீல் வாங்கிக்கொள்கிறார். கேஸ் ஷீட் நகல் தர மறுத்தால், நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள் சொல்வதைக் கடிதத்திலேயே குறிப்பிடலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பேரம் வரும். "சார், சிஸ்டத்துல ஏறினதை எடுக்க முடியாது. பதினஞ்சாயிரம் டிஸ்கவுண்ட் போட்டுத் தரச் சொல்றேன்" என்பார் பில்லிங் மேனேஜர். பணம் குறைகிறதே என்று தலையாட்டத் தோன்றும். ஆட்டக் கூடாது என்பது என் கட்சி. டிஸ்கவுண்டில் தப்பான வரிகள் பில்லில் அப்படியே இருக்கும். நடக்காததை நடந்ததாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினால் சார்ட்டோடு பொருந்தாத வரிகளுக்கு அவர்கள் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். வேண்டியது, பழைய பில்லை ரத்து செய்து தரும் புதிய பில், அல்லது பழைய பில் நம்பரைக் குறிப்பிட்டு எந்தெந்த வரி நீக்கப்பட்டது என்று காட்டும் கிரெடிட் நோட். திருத்திய பில்லில் முன்பணம் சரியாகக் கழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேஷ்லெஸ் என்றால் 'கம்பெனிதானே கட்டுகிறது' என்று பில்லைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் அந்த 19,600 நம் பாலிசித் தொகையிலிருந்துதான் கழியும். அதே வருடம் இன்னொரு முறை சேர வேண்டியிருந்தால் அப்போது தெரியும். பில் இறுதி அனுமதிக்குப் போகும் முன்பே தப்பைச் சொல்ல வேண்டும். போய்விட்டால், திருத்திய பில்லை இன்ஷூரன்ஸுக்கு மருத்துவமனை மறுபடி அனுப்பச் சொல்லி, கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டுவிடலாம்.

அன்றே தீராவிட்டால்? பில் தகராறைக் காட்டி நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைப் பட்டயம் சொல்கிறது. வரி வாரியான பில் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. நடைமுறையில், தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டு மீதியை எழுத்தில் நிறுத்தி வைப்பது முதல் வழி. விடமாட்டோம் என்று நின்றால், முழுவதையும் கட்டி, ஆட்சேபத்தோடு கட்டுவதாக மெயில் அனுப்பிவிட்டு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போவதே புத்திசாலித்தனம். கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது.

பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். சீல் வாங்கிய கடிதம், மருந்து சார்ட், பழைய பில் மூன்றும் கையில் இருந்தால், 19,600 ரூபாய் ஏன் ஏறியது என்று சொல்ல வேண்டியது மருத்துவமனைதான்.