கூட்டத்தின் கருமையில் நிகழ்ச்சி நிரல்

மேலே மேடை விளக்குகளின் ஒளிக்கற்றைகள், கீழே கையுயர்த்தி நிற்கும் கூட்டத்தின் கரிய உருவங்கள். இன்னிசைக் கச்சேரி போஸ்டர்களில் அடிக்கடி காணும் அமைப்பு இது. பார்ப்பவருக்கு அது ரசிகர் கூட்டம். வடிவமைப்பவருக்கோ அந்தக் கருமைதான் நிகழ்ச்சி நிரலை எழுதும் பலகை. அதனால் படத்தைத் தொடங்கும் முன்பே எழுத்துக்கான இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

ஊர்த் திருவிழாக் கச்சேரி ஒன்றுக்கு ஏ3 அளவில், அதாவது 297 × 420 மி.மீ. தாளில், போஸ்டர் செய்வதாக வைத்துக்கொள்வோம். அடியில் 140 மி.மீ. உயரத்தைக் கூட்டத்துக்கு ஒதுக்கலாம். தலைகளும் கைகளும் அதன் மேல்விளிம்பில் மட்டும் தெரிந்தால் போதும். அதற்குக் கீழே முழுக்க ஒரே கருமை. நாள், நேரம், கலைஞர் பெயர், இடம் எல்லாம் அங்கே வெள்ளை எழுத்தில் அமரும்.

அடுத்தது ஒளி. சுத்தமான காற்றில் ஒளிக்கற்றை பக்கவாட்டிலிருந்து தெரியாது. மேடையில் பரப்பும் புகையின் துகள்களில் பட்டுச் சிதறும்போதுதான் தெரிகிறது. ஆகவே விளக்கின் அருகே பளிச்சென்றும், தள்ளிப்போகப் போக விரிந்து மங்கியும் வரைய வேண்டும். இரண்டு கற்றைகள் குறுக்கிடும் இடம் இன்னும் பிரகாசமாகும். போட்டோஷாப்பில் அந்த அடுக்குகளை Screen முறையில் வைத்தால் இது தானாகவே கிடைக்கும். தலைகளுக்கு நேர் பின்னால் வெளிச்சம் கூடுதலாக இருக்கட்டும். அது குறைந்தால் கூட்டம் வெறும் கறுப்புப் பட்டையாகிவிடும்.

கணினித் திரையில் சரியாகத் தெரிவது அச்சகத்தில் கெடலாம். திரையில் மின்னும் நீலமும் ஊதாவும் நான்கு வண்ண மையில் அதே பிரகாசத்துடன் வருவதில்லை. அதனால் வண்ணங்களை முன்கூட்டியே சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கருமையிலேயே இருக்கிறது. ஆழமான கறுப்புக்காக நான்கு மைகளையும் கலந்தால், அச்சில் தாள் இம்மியளவு நகர்ந்தாலும் சிறிய வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும். எழுத்துக்குப் பின்னால் 100 விழுக்காடு கறுப்பும், ஆழத்துக்குச் சுமார் 40 விழுக்காடு சியானும் போதும். இரண்டே மைகள் என்பதால் பிசகும் குறையும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு கவனமும் வேண்டும். இருளில் வெள்ளையாக விடும் எழுத்துக்குள் சுற்றிலும் உள்ள மை பரவும். மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைவது புள்ளிதான். சற்றுத் தடித்த எழுத்துருவை எடுத்துக்கொண்டு, மேல்வரியின் ‘கு’, ‘மு’ கால்கள் கீழ்வரியின் ‘கி’, ‘மீ’ கொம்புகளை இடிக்காதபடி வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் அசல் அளவிலேயே ஒரு நகல் எடுத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். நாளும் நேரமும் இடமும் தடுமாறாமல் படிக்க முடிகிறதா? இல்லையென்றால் கூட்டத்தின் உயரத்தைக் கூட்டி, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். கற்றைகளின் நீளம் குறைந்தாலும் படம் கெடாது.